அதே வேலை, அதே மிஷின், சம்பளம் மட்டும் வேற: ஓனர்கிட்ட எப்படி கேக்குறது?

"பாளையங்கோட்டைல ஒரு ஆஸ்பத்திரி லேப்ல ஆறு வருசமா டெக்னீசியனா இருக்கேன். எனக்கு 17,500. எனக்கு ரெண்டு வருசம் பின்னால சேந்த தம்பி, அதே டிஎம்எல்டி படிப்பு, அதே மிஷின்லதான் நிக்கான், அவனுக்கு 22,000. அவனே பேச்சுவாக்குல சொல்லிட்டான். ஓனர்கிட்ட கேக்கலாமா? கேட்டா எப்படி கேக்க? வேலையும் போயிரக்கூடாது."

கேக்கலாம் தங்கச்சி. ஆனா 22,000-ல 17,500 போக 4,500 குறையுது, அதை குடுங்கன்னு நேரா போய் நின்னா முதல் நிமிசத்துலயே ஓனர் உங்கள மடக்கிருவாரு. ஏன்னா அந்த 4,500 ஒரே துண்டா இருக்காது. அதுல ஒரு பகுதிக்கு நிஜமாவே காரணம் இருக்கும், ஒரு பகுதிக்கு காரணம்னு ஒரு பேரு மட்டும் இருக்கும், மிச்சத்துக்கு அதுவும் இருக்காது. காரணம் இருக்குற பகுதிய அவரு முதல்ல எடுத்து காமிச்சுட்டாருன்னா நீங்க மிச்சத்தை பத்தி வாயத் தொறக்க முடியாது. அதனால கேக்குறதுக்கு முன்னால அந்த தொகைய நீங்களே பிரிச்சு வச்சுக்கிடணும். இந்த பதில் முழுக்க அதை பத்திதான்.

நான் பத்தொன்பது வருசமா நம்ம ஊர்ல ஆஸ்பத்திரி, ஜவுளிக்கடை, ஸ்கூலுன்னு சம்பள ரிஜிஸ்டர், பிஎஃப், ஈஎஸ்ஐ வேலை பாத்துக்கிட்டு இருக்கேன். வக்கீல் இல்ல. ஆனா முதலாளி பக்கம் உக்காந்து இந்த மாதிரி பேச்ச நிறைய தடவை கேட்டிருக்கேன், என்ன சொன்னா அவங்க எறங்கி வாராங்க, என்ன சொன்னா மொறச்சுக்கிடுதாங்கன்னு தெரியும். நான் பாத்த வரைக்கும் பெரும்பாலான ஓனர்ங்க "இவ பொம்பளை, கொறச்சு குடுப்போம்"னு உக்காந்து முடிவு பண்றதில்ல. அம்பாசமுத்திரம் பக்கம் வயல்ல ஆம்பளையாள் கூலி, பொம்பளையாள் கூலின்னு ரெண்டு ரேட்டு கேட்டே வளந்தவங்க நம்ம எல்லாரும், அந்த பழக்கம் ஏசி ரூமுக்குள்ளயும் வந்து உக்காந்திருக்கு. ஆள் எடுக்கும்போது பையன்கிட்ட "எவ்வளவு எதிர்பாக்கே"ன்னு கேக்காங்க, பிள்ளைகிட்ட "இவ்வளவு தருவோம், சம்மதமா"ன்னு கேக்காங்க. அங்கன ஆரம்பிக்கிற ரெண்டாயிரம் ரூபா வித்தியாசம் வருசா வருசம் சதவீதத்துல இன்க்ரிமென்ட் போடும்போது தானா வளரும், யாரும் திரும்பி பாக்க மாட்டாங்க. இதை சொல்லுததுக்கு காரணம், நீங்க போய் "எனக்கு அநியாயம் பண்ணிட்டீங்க"ன்னு ஆரம்பிச்சா அவருக்கு நிஜமாவே அது புரியாது, கோவம்தான் வரும்.

சட்டத்துல உறுதியா இருக்குறத முதல்ல சொல்லிருதேன். 1976-ல இருந்தே சம ஊதியச் சட்டம் இருக்கு. இப்ப அது 2019 ஊதியச் சட்டத் தொகுப்புக்குள்ள போயிருச்சு, வேஜ் கோடுன்னு சொல்லுதாங்கல்லா, அது 2025 நவம்பர் 21-ல இருந்து அமலுக்கு வந்துட்டு. ஒரே முதலாளிகிட்ட, ஒரே வேலை, இல்ல ஒரே தன்மையுள்ள வேலை பாக்குறவங்களுக்கு ஆண் பெண்ணுன்னு பாத்து சம்பளத்துல வித்தியாசம் வைக்கக்கூடாது, அதான் அதோட மூணாவது பிரிவு. ஒரே தன்மையுள்ள வேலைன்னா என்னன்னும் எழுதியிருக்கு: வேலைக்கு வேண்டிய திறமை, உழைப்பு, அனுபவம், பொறுப்பு இதெல்லாம் ஒண்ணா இருக்கணும், வேலை பாக்குற சூழ்நிலையும் ஒண்ணு போல இருக்கணும், சின்ன சின்ன வித்தியாசம் நடைமுறைல பெருசா இல்லன்னா அதை கணக்குல எடுக்கக்கூடாது. போஸ்ட் பேரு என்னன்னு இல்ல, கைல செய்யுற வேலை என்னன்னுதான் பாக்கணும். 1987-ல சுப்ரீம் கோர்ட்டுல மெக்கின்னன் மெக்கென்சி கம்பெனிக்கும் ஆட்ரி டிகோஸ்டாங்கிற ஸ்டெனோகிராபருக்கும் நடந்த கேஸ் இதேதான். லேடி ஸ்டெனோ வேற, ஆண் ஸ்டெனோ வேறன்னு கம்பெனி சொல்லிப் பாத்துச்சு, நிதி நிலைமை சரியில்லன்னும் சொல்லிப் பாத்துச்சு, கோர்ட்டு ரெண்டையும் ஏத்துக்கல. அந்தம்மா கேஸ் போட்டதே வேலைய விட்டு வெளிய வந்த பிறகுதான்.

உங்க கேஸுக்கு ரொம்ப உதவுற விசயம் ஒண்ணு இருக்கு, நிறைய அக்கவுண்டன்டுங்களுக்கே இது தெரியல. பொதுவா வேஜ் கோடுல சம்பளம்னு கணக்கு போடும்போது வீட்டு வாடகைப்படி, கன்வேயன்ஸ், ஓவர்டைம் எல்லாம் வெளிய போயிரும். ஆனா ஆண் பெண் சம சம்பளம்னு பாக்கும்போது மட்டும் அதையெல்லாம் உள்ள சேத்துதான் பாக்கணும்னு தனியா சொல்லியிருக்கு. அதாவது "பேசிக் ரெண்டு பேருக்கும் ஒண்ணுதாம்மா, அவனுக்கு பெட்ரோல் அலவன்ஸ்தான் கூட"ன்னு சொல்லி தப்பிக்க முடியாது. இன்னொண்ணு, உங்களுக்கு சமமாக்குறேன்னு சொல்லி அந்த தம்பி சம்பளத்த குறைக்கவும் கூடாது, அதுவும் அதே பிரிவுல இருக்கு. இதை அந்த தம்பிகிட்ட முதல்லயே சொல்லி வச்சிருங்க, அவன் பயப்படாம இருப்பான்.

உறுதியா சொல்ல முடியாத இடமும் இருக்கு. "அவன் சேரும்போதே பேசி வாங்கிட்டான், நீ கேக்கல" அப்படிங்கிறது ஒரு காரணமா? என் மனசுக்கு இது காரணமே இல்ல, கேக்குற வாய்ப்ப ஒருத்தனுக்கு மட்டும் குடுத்துட்டு கேக்கலன்னு குத்தம் சொல்ல முடியுமா. ஆனா ஒரு அதிகாரி முன்னால போனா அது வாதம் பண்ணுற விசயம்தான், ஜெயிப்பு நிச்சயம்னு நான் எழுதித் தர மாட்டேன். அனுபவம், கூடுதல் படிப்பு, வேலை தரம் இதெல்லாம் உண்மையான காரணமா இருக்கலாம், ஆனா எல்லாருக்கும் ஒரே அளவுகோலா இருக்கணும். உங்க விசயத்துல அனுபவம் உங்க பக்கம்தான் இருக்கு. அப்புறம், அந்த தம்பிக்கு சம்பளம் குடுக்குறது வேற பேர்ல இருக்குற டிரஸ்டோ கம்பெனியோவா இருந்தா ஒரே முதலாளிங்கிறதுலயே சண்டை வரும். ஸ்லிப்புல மேல என்ன பேரு அச்சடிச்சிருக்குன்னு ரெண்டு பேரும் ஒரு தடவை பாத்துருங்க.

இப்ப பிரிக்கிறத பாப்போம். சில வருசம் முன்னால நான் கணக்கு பாத்த ஒரு லேப்ல கிட்டத்தட்ட உங்க கதையேதான் நடந்துச்சு. அந்த பிள்ளைக்கு 16,200, கூட இருந்த பையனுக்கு 20,400, வித்தியாசம் 4,200. அவ என்கிட்ட வந்து அழுதா. ஓனருக்கு கணக்கு பாக்குறவகிட்டயே வந்து அழுதாளேன்னு எனக்கு ரெண்டு நாள் மனசே சரியில்ல. அந்த பையனோட ஸ்லிப்ப நான் அவளுக்கு காட்ட முடியாது, அது தப்பு. பையன்கிட்ட நீயே கேட்டு வாங்கிக்கோன்னு மட்டும் சொன்னேன், அவனும் நல்ல பையன், குடுத்துட்டான். பிரிச்சுப் பாத்தா நைட் டூட்டி மாசம் எட்டு, ஒரு நைட்டுக்கு 150, ஆக 1,200. பெட்ரோல் அலவன்ஸ் 1,200. மிச்சம் 1,800 பேசிக்ல.

இந்த மூணும் மூணு தினுசு. நைட் டூட்டி காசு அவன் நைட்டு கண்ணு முழிச்சதுக்கு, அதுல நம்ம கை வைக்கக்கூடாது. ஆனா ஒரு கேள்வி உண்டு, பொம்பளைப் பிள்ளைங்களுக்கு நைட்டு போடாதது யார் முடிவு? நீங்களே வேண்டாம்னு சொல்லியிருந்தா அந்த காச கேக்க முடியாது. நீங்க தயாருன்னு சொல்லியும் போடலன்னா அது தனியா பேச வேண்டிய விசயம். அந்த பிள்ளை நைட்டு வேண்டாம்னு சொன்னவதான், அதனால 1,200-ஐ அப்படியே விட்டுட்டோம். பெட்ரோல் அலவன்ஸ் எதுக்குன்னு கேட்டா வீட்டுக்கு போய் ரத்தம் எடுக்குறதுக்குன்னு சொன்னாங்க. ஆனா வீட்டு விசிட்டுக்கு தனியா ஒவ்வொரு விசிட்டுக்கும் காசு குடுத்துக்கிட்டுதான் இருந்தாங்க, அதுவும் போக அவன் வாரத்துல ஒரு நாள்தான் போனான். பைக் வச்சிருக்குற ஆம்பளைங்களுக்கு எல்லாம் பொதுவா போட்டு விட்ட காசு அது, இவ மேலப்பாளையத்துல இருந்து பஸ்ல வந்தா, இவளுக்கு ஒண்ணும் கிடையாது. பேர் மட்டும் இருக்குற காரணம்னு நான் சொன்னது இதைத்தான். பேசிக்ல இருந்த 1,800-க்கு யாருக்குமே காரணம் சொல்லத் தெரியல. ஆக அவ கேக்க வேண்டியது 4,200 இல்ல, 3,000. அந்த 3,000-ஐ ஒரு பயலும் மறுத்துப் பேச முடியாது.

நீங்களும் அந்த தம்பிகிட்ட, அவனுக்கு மனசு இருந்தா மட்டும், ஸ்லிப்புல இருக்குற பிரிவுகள கேட்டு எழுதிக்கிடுங்க. ஆபீஸ் ஃபைல்ல இருந்து போட்டோ எடுக்குறது, கம்ப்யூட்டர்ல தேடுறது எதுவும் வேண்டாம், பேச்சு அப்புறம் சம்பளத்த விட்டுட்டு உங்க திருட்டுத்தனத்துக்கு போயிரும். அதுக்குப் பதிலா ஒரு மாசம் ஒரு நோட்டு போடுங்க. டூட்டி ரோஸ்டர்படி யார் யார் எந்தெந்த நாள் எந்த மிஷின்ல இருந்தாங்க, செல் கவுண்டரா, பயோகெமிஸ்ட்ரி அனலைசரா, காலைல கன்ட்ரோல் ஓட்டி கையெழுத்து போட்டது யாரு, மிஷின் மக்கர் பண்ணினா சர்வீஸ் இன்ஜினியருக்கு போன் பண்ணுறது யாரு, புதுசா வந்த பிள்ளைங்களுக்கு சொல்லிக் குடுக்குறது யாரு. இதை எழுதுனா ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சிரும். நீங்க அவனுக்கு சமமா, இல்ல கூடவே செய்யுறீங்கன்னு தெரியலாம். இல்ல அவன்தான் ஸ்டாக் பொறுப்பு, ரியேஜன்ட் ஆர்டர் எல்லாம் பாக்கான், அதை நீங்க இதுவரைக்கும் கணக்குலயே எடுக்கலன்னு தெரியலாம். ரெண்டாவதுதான் உண்மைன்னா அதையும் மனசார ஒத்துக்கிட்டு தொகைய குறைச்சுக்கிடுங்க, அங்கன ஏமாத்தப் பாத்தா மிச்சத்தையும் நம்ப மாட்டாங்க.

பேசப் போற நாள் முக்கியம். மாசக் கடைசில சம்பளம் போடுற வாரத்துல போகாதீங்க, ஓபி கூட்டமா இருக்குற திங்கக்கிழமை வேண்டவே வேண்டாம். உங்க ஆஸ்பத்திரில ஏப்ரல்ல இன்க்ரிமென்ட்னா பிப்ரவரி கடைசில பேசுங்க, அப்பதான் அவரு கணக்குல சேக்க முடியும். முதல்ல லேப் இன்சார்ஜ்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு போங்க, தன்னைத் தாண்டி போயிட்டான்னு அவங்க மனசுல படக்கூடாது. உள்ள போய் இப்படி ஆரம்பிக்கலாம்: "சார், ஆறு வருசமா இங்க இருக்கேன். நானும் தம்பியும் ஒரே ரோஸ்டர்ல ஒரே வேலைதான் பாக்கோம். ரெண்டு பேர் சம்பளத்துலயும் வித்தியாசம் இருக்கு. நைட் டூட்டி காச நான் சொல்லல. அது போக உள்ள வித்தியாசத்துக்கு என்ன காரணம்னு தெரிஞ்சுக்கிடலாமா சார்?" இதோட நிறுத்திருங்க. அடுத்து அவருதான் பேசணும், அந்த அமைதிய நீங்க போய் நிரப்பாதீங்க. நான் பாத்த பிள்ளைங்க நிறைய பேரு அந்த இடத்துலதான் "பரவால்ல சார், உங்களால முடிஞ்சத பாத்து பண்ணுங்க"ன்னு தானா எறங்கி வந்துருதாங்க.

அவரு என்ன சொல்லுவாருன்னும் சொல்லுதேன். "அவனுக்கு குடும்பம் இருக்கும்மா" அப்படிம்பாரு. அதுக்கு உங்க வீட்டு கஷ்டத்த சொல்லாதீங்க, சொன்னா யாருக்கு கஷ்டம் கூடன்னு போட்டியாயிரும். "சரி சார், ஆனா வேலைக்குத்தானே சார் சம்பளம், வேலைல என்ன வித்தியாசம்?"னு திரும்ப அதே இடத்துக்கு வாங்க. "சம்பளத்த பத்தி வெளிய பேசக்கூடாதுன்னு ஆர்டர்ல இருக்கே, உனக்கு யார் சொன்னா?"ன்னு கேப்பாரு. அந்த தம்பி பேர அவன் சம்மதம் இல்லாம சொல்லாதீங்க, "ரிஜிஸ்டர் உங்ககிட்டயே இருக்கு சார், நீங்களே ஒரு தடவை பாத்துச் சொல்லுங்க"ன்னா போதும். "அவன சீனியர் டெக்னீசியனா போட்டிருக்கோம்"னு சொன்னா என்னைல இருந்துன்னு மரியாதையா கேளுங்க. நீங்க பேசினதுக்கு அப்புறம் வந்த சீனியர்னா அது தானா தெரிஞ்சிரும்.

பேசி முடிச்ச அன்னைக்கே ஒரு லெட்டர் குடுங்க, இல்ல மெயில் அனுப்புங்க. சண்டைக்கு இல்ல, பேசினது பேசினபடி இருக்குறதுக்கு. அந்த பிள்ளைக்கு நான் எழுதிக் குடுத்தது இவ்வளவுதான்: "இன்று தங்களைச் சந்தித்துப் பேசியது தொடர்பாக. நான் இந்த ஆய்வகத்தில் இந்தத் தேதி முதல் பணிபுரிகிறேன். என் பணிகள் இவை. இதே பணியைச் செய்யும் ஆண் பணியாளரின் ஊதியத்தில் இரவுப் பணிப்படி நீங்கலாக மாதம் ரூ.3,000 வித்தியாசம் இருப்பதாக அறிகிறேன். இதைப் பரிசீலித்து ஊதியத்தைச் சரிசெய்யவும், வித்தியாசத்துக்கு வேறு காரணம் இருந்தால் எழுத்தில் தெரிவிக்கவும் வேண்டுகிறேன்." சட்டம், பிரிவு நம்பர் எதுவும் முதல் லெட்டர்ல வேண்டாம். சட்டத்த முதல்லயே போட்டா அந்த லெட்டர் உங்க ஓனர்கிட்ட நிக்காது, நேரா வக்கீல் மேசைக்கு போயிரும், அப்புறம் மனுசனோட பேச முடியாது. காப்பில தேதியோட கையெழுத்து வாங்கி வைங்க, குடுக்க மாட்டேன்னா அதையே மெயிலாவும் அனுப்பிருங்க.

முப்பது நாள் பாருங்க. பதில் இல்லன்னா ரெண்டாவது லெட்டர்ல வேஜ் கோடு மூணாவது பிரிவ சொல்லலாம். அதுக்கும் அசையலன்னா திருநெல்வேலில இருக்குற தொழிலாளர் துறை ஆபீஸுக்கு போய், வேஜ் கோடுபடி க்ளெய்ம் வாங்குற அதிகாரி யாருன்னு கேட்டு மனு குடுக்கணும். க்ளெய்ம் எழுந்த நாள்ல இருந்து மூணு வருசத்துக்குள்ள குடுக்கணும், சம்பளத்த சரியா குடுத்தாச்சுன்னு நிரூபிக்கிற பொறுப்பு முதலாளி தலைல. க்ளெய்ம் தொகை போக அதுக்கு பத்து மடங்கு வரைக்கும் நஷ்டஈடு போட அதிகாரிக்கு அதிகாரம் இருக்கு, ஆனா பத்து மடங்கு கிடைச்சிரும்னு நெனச்சு போகாதீங்க, அது உச்ச வரம்புதான்.

வேலை போயிருமான்னு கேட்டிருந்தீங்க. அதுக்கு நான் உத்தரவாதம் குடுக்க முடியாது. நேரா வெளிய அனுப்புறத நான் அதிகமா பாக்கல, ஆனா ஷிப்ட மாத்துறது, லீவுக்கு இழுத்தடிக்கிறது, இதெல்லாம் பாத்திருக்கேன். சட்டம் உங்க பக்கம் இருந்தாலும் மறுநாள் காலைல அதை வந்து தடுக்காது. அதுக்கு மருந்து தேதிதான். நீங்க லெட்டர் குடுத்தது ஒரு தேதி, ஷிப்ட் மாறினது ஒரு தேதி, ரெண்டும் பக்கத்து பக்கத்துல இருந்தா பாக்குற அதிகாரிக்கு வெளங்கும். அப்பாயின்ட்மென்ட் ஆர்டர், கடைசி மூணு வருச ஸ்லிப்பு, பேங்க் ஸ்டேட்மென்ட், உங்க சர்டிபிகேட் ஒரிஜினல் எல்லாத்தையும் பேசப் போறதுக்கு முன்னாலயே வீட்டுக்கு கொண்டு போயிருங்க. ஒரிஜினல ஆஸ்பத்திரில வாங்கி வச்சிருந்தா முதல்ல அதை வேற ஏதாவது தேவைக்குன்னு கேட்டு வாங்கிட்டு அப்புறம் இந்த பேச்ச எடுங்க. வண்ணார்பேட்டைல இருந்து ஹைகிரவுண்ட் வரைக்கும் லேப்காரங்க எல்லாரும் ஒருத்தரை ஒருத்தர் தெரிஞ்சவங்கதான், அதனால வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல, டெக்னீசியன் குரூப்புல இதை பத்தி ஒரு வரி கூட போடாதீங்க.

உங்க கணக்குல ஒரு விசயம் மட்டும் தனியா பாக்கணும். இப்ப 17,500-ல இருக்குறதால உங்களுக்கு ஈஎஸ்ஐ இருக்கும், மாசம் நூத்தி முப்பது ரூபா சொச்சம் பிடிப்பாங்க. ஈஎஸ்ஐ கணக்குக்கு எடுக்குற சம்பளம் 21,000-த்தை தாண்டினா அதுல இருந்து வெளிய வந்துருவீங்க. உடனே இல்ல, ஏப்ரல் டு செப்டம்பர், அக்டோபர் டு மார்ச்னு இருக்குற அந்த ஆறு மாசம் முடியுற வரைக்கும் தொடரும். வீட்டுல யாருக்காவது ஈஎஸ்ஐல பெரிய வைத்தியம் ஓடுதுன்னாலோ, பிரசவ லீவு சம்பளம் அதுல வாங்க வேண்டி இருந்தாலோ, உயர்வு எந்த மாசத்துல இருந்து வேணும்னு யோசிச்சு கேளுங்க. கேக்காம இருக்க சொல்லல, மாசத்த பாத்து கேக்க சொல்லுதேன்.

அந்த பிள்ளை விசயம் எப்படி முடிஞ்சுதுன்னா, ஓனர் முதல் நாள் முகத்த திருப்பிக்கிட்டாரு, ரெண்டு வாரம் ஒண்ணும் சொல்லல. அப்புறம் என்னைக் கூப்பிட்டு "இது உள்ளதுதானா"ன்னு கேட்டாரு, உள்ளதுதான் சார்னு சொன்னேன். பெட்ரோல் காச பயணப்படின்னு பேர மாத்தி எல்லாருக்கும் போட்டாரு, அதுல இன்னும் ரெண்டு பிள்ளைங்களுக்கும் கிடைச்சுது. பேசிக்ல இருந்த 1,800-ல ஏப்ரல்ல 900, அக்டோபர்ல 900. பழைய பாக்கி தர மாட்டேன்னுட்டாரு, அவளும் அதுக்கு மேல போகல. போயிருக்கலாம்னு நான் இன்னைக்கும் நெனைக்கேன், ஆனா அங்கேயே வேலை பாக்க வேண்டியவ அவதானே. நீங்க அந்த நோட்ட போட்டு முடிச்சுட்டு பிரிச்ச தொகைய இங்கேயே எழுதுங்க, ஆஸ்பத்திரி பேரோ ஆள் பேரோ வேண்டாம், எந்த துண்டு நிக்கும் எது நிக்காதுன்னு பாத்துச் சொல்லுதேன்.